நாலு வயசுப் பிள்ளைக்கு அட்ரினலின் 0.1 மி.லி.யா, 0.15 மி.லி.யா? ஒரே சுவரில் இரண்டு அட்டவணை

சின்ன கிளினிக் | ஜூன் 3, இரவு 9.40

எங்கள் ஊசி அறைச் சுவரில் இரண்டு தாள் ஒட்டியிருக்கிறது. ஒன்று தடுப்பூசி முகாமுக்கான அரசு அட்டவணை: 1 வயதுவரை 0.05 மி.லி., 1 முதல் 6 வரை 0.1, 6 முதல் 12 வரை 0.2, 12 முதல் 18 வரை 0.3. இன்னொன்று எனக்கு முன்னால் இங்கே இருந்த டாக்டர் பிரிட்டனின் ரிசசிட்டேஷன் கவுன்சில் 2021 வழிகாட்டுதலைப் பார்த்துக் கையால் எழுதி வைத்தது: 6 மாதத்துக்குள் 0.1 முதல் 0.15, 6 மாதம் முதல் 6 வயதுவரை 0.15, 6 முதல் 12 வரை 0.3, 12க்கு மேல் 0.5. இரண்டுமே 1:1000 ஆம்பூலுக்குத்தான். இரண்டுமே தொடைத் தசையில்தான்.

போன வாரம் உயிரை மிரட்டும் அலர்ஜியான அனாபிலாக்சிஸோடு ஒரு 4 வயது, 14 கிலோ குழந்தை வந்தபோது சிஸ்டர் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு "சார், எந்தத் தாள்?" என்று கேட்டார். குழந்தை நன்றாக இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன். என் கட்சி இதுதான்: அரசு அட்டவணை குறைவு, அதைக் கழற்றிவிடலாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஓ.பி. நம்பர் 7 | ஜூன் 3, இரவு 10.15

கழற்றுவதற்கு முன்னால் எடையைப் போட்டுப் பாருங்கள் டாக்டர். எல்லாரும் ஒப்புக்கொள்ளும் அளவு கிலோவுக்கு 0.01 மி.லி. எடையை நூறால் வகுத்தால் முடிந்தது. 14 கிலோ என்றால் 0.14.

இப்போது இரண்டு தாளையும் அதில் வைத்துப் பாருங்கள். அரசுத் தாளின் 0.1 என்பது ஒரு வயதான 10 கிலோ குழந்தைக்குக் கச்சிதம். அதே கட்டத்தின் மேல்முனையில் ஐந்தே முக்கால் வயது, 18 கிலோ குழந்தை நின்றால் தேவையில் பாதிதான் போகிறது. பிரிட்டன் தாளோ கீழ்முனையில் தாராளம். ஏழு மாதம், 7 கிலோ குழந்தைக்கு 0.15 என்றால் இரண்டு மடங்கு. ஆனால் 20 கிலோவை நெருங்கும்போது அதுவும் குறையத் தொடங்குகிறது. வயதுக் கட்டம் எதுவாக இருந்தாலும் ஒரு முனையில்தான் சரியாக உட்காரும். கேள்வி எந்தப் பக்கம் பிசகலாம் என்பதுதான். தசையில் கொஞ்சம் கூடிப் போனால் படபடப்பு, நடுக்கம், முகம் வெளிறும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். குறைந்து போனால் மூச்சுக்குழாய் காத்திருக்காது.

அரசுத் தாள் யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் முகாமில் தனியாக இருக்கிறார், ஒரு டோஸ் போட்டுவிட்டு உடனே வண்டி ஏற்ற வேண்டும். அங்கே அது இருக்கட்டும். உங்கள் அறையில் எடை மெஷின் இருக்கிறதே.

சின்ன கிளினிக் | ஜூன் 3, இரவு 10.32

எடை மெஷின் இருக்கிறது, டோக்கன் சீட்டிலேயே எடை எழுதுகிறோம். ஆனால் அன்றைக்கு அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே ஓடி வந்தார். யார் எடை போட்டார்கள்? 14 கிலோ என்பது பழைய சீட்டிலிருந்து பிறகு எடுத்தது. வயது மட்டும் தெரியும் நேரத்துக்குத்தான் தாள் வேண்டும்.

ஓ.பி. நம்பர் 7 | ஜூன் 3, இரவு 10.36

அது நியாயம். அப்படியென்றால் 0.15 தாளை வைத்துக்கொள்ளுங்கள். எடை போட நிற்க வேண்டாம்.

பழைய கை | ஜூன் 4, காலை 6.10

முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். நாங்கள் படித்தபோது தோலுக்கடியில், மேல்கையில்தான் போடச் சொன்னார்கள். முதலில் ஏவில், கூடவே ஹைட்ரோகார்ட்டிசோன், அதற்கும் கேட்காவிட்டால் அட்ரினலின். எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இரண்டாம் இலக்கத்துக்கு இவ்வளவு சண்டை தேவையா?

ஓ.பி. நம்பர் 7 | ஜூன் 4, காலை 7.50

சார், உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. பலர் எதுவும் போடாமலேயே தேறியிருப்பார்கள், உடம்பே தன் அட்ரினலினைச் சுரந்துவிடும். மீதிப் பேர் யார் என்று முதல் நிமிடத்தில் தெரியாது, அதுதான் சிக்கல்.

தோலுக்கடி விஷயத்தில் குழந்தைகளிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள், 1998இல் சைமன்ஸ் குழு. தொடைத் தசையில் போட்டால் இரத்தத்தில் உச்ச அளவு சுமார் 8 நிமிடத்தில் வந்தது. தோலுக்கடியில் போட்டபோது சுமார் 34 நிமிடம். அட்ரினலின் போட்ட இடத்து இரத்தக்குழாயையே சுருக்கிவிடுகிறது, தோலுக்கடியில் அதனால் தானே தன் வழியை அடைத்துக்கொள்கிறது. தொடைத் தசையில் ஓட்டம் அதிகம் என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை.

ஏவில் தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும். தொண்டை வீக்கத்தையும் விழுந்த பிரஷரையும் அது தொடாது. வெயினில் வேகமாகத் தள்ளினால் குழந்தை மயங்கிக் கிடக்கும், அது மருந்தா ஷாக்கா என்று நாம் குழம்புவோம். குழந்தை தெளிந்த பிறகு வாய்வழி செட்டிரிசின் கொடுங்கள், போதும். ஸ்டீராய்டை வழக்கமாகப் போட வேண்டாம் என்று அதே 2021 பிரிட்டன் வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆஸ்துமா சேர்ந்து இருந்தால் அந்த ஆஸ்துமாவுக்காகக் கொடுக்கலாம்.

பழைய கை | ஜூன் 4, காலை 8.05

தொடை சரி, மாற்றிக்கொள்கிறேன். ஸ்டீராய்டை விட மனசு வரவில்லை. தாமதமாகத் திரும்பி வருமே, அதைத் தடுக்கத்தானே போடுகிறோம்?

ஓ.பி. நம்பர் 7 | ஜூன் 4, காலை 8.20

தடுக்கிறது என்பதற்கு நம்பகமான சான்று கிடைக்கவில்லை. கடைசியில் போடுவதோடு எனக்குச் சண்டை இல்லை. ஹைட்ரோகார்ட்டிசோன் வயலைக் கரைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அட்ரினலின் தட்டில் கிடப்பதோடுதான் சண்டை.

இரவு ஷிப்ட் | ஜூன் 4, மதியம் 1.30

நான் லண்டனில் குழந்தைகள் வார்டு நர்ஸ், ஊர் யாழ்ப்பாணம். தம்பி, அளவைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, எந்த சிரிஞ்சில் எடுக்கிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லையே. 2 மி.லி. சிரிஞ்சில் 0.14ஐ எப்படிப் பார்ப்பது?

சின்ன கிளினிக் | ஜூன் 4, மதியம் 2.05

நல்ல இடத்தைத் தொட்டீர்கள் அக்கா. இதைப் படித்ததும் அவசரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது இன்சுலின் சிரிஞ்ச், அதிலும் சிவப்பு மூடி 40 யூனிட் ஒன்று, ஆரஞ்சு மூடி 100 யூனிட் இரண்டு. மருந்துக்கடையில் கையில் கிடைத்ததைக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கேதான் வில்லங்கம். முகாம் பயிற்சியில் 40 யூனிட் சிரிஞ்சை வைத்து 2, 4, 8, 12 யூனிட் என்று கோடு சொல்லித் தருகிறார்கள். அதில் 40 யூனிட் ஒரு மி.லி., ஆகவே 4 யூனிட் சரியாக 0.1. அதே 4 யூனிட்டை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் 0.04 மி.லி.தான். 12 வயதுப் பையனுக்கு 12 யூனிட் என்று மனப்பாடமாக இழுத்தால் 0.3க்குப் பதில் 0.12. தலைகீழாகவும் நடக்கும். ஆரஞ்சு மூடியில் 15 யூனிட் என்றால் 0.15 என்று பழகியவர் சிவப்பு மூடியில் 15 இழுத்தால் 0.37க்கு மேல்.

யூனிட் என்ற சொல்லையே சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்ச் மட்டும் இனி பெட்டியில் இருக்கும். அதில் ஒவ்வொரு சின்னக் கோடும் 0.01.

இரவு ஷிப்ட் | ஜூன் 4, மதியம் 2.40

இன்சுலின் சிரிஞ்சின் ஊசியும் கட்டை. கொழுகொழு தொடையில் அது தோலுக்கடியோடு நின்றுவிடும், பழைய கை ஐயா சொன்ன இடத்துக்கே போய்ச் சேரும். ஒரு அங்குல நீளம், 24 அல்லது 25 கேஜ் ஊசியை மாட்டுங்கள். மருந்தை இழுத்த பிறகு ஊசி மாற்றினால் பழைய ஊசிக்குள் நின்ற மருந்து அதோடு போய்விடும். கைக்குழந்தை அளவில் அது பெரிய பங்கு. புது ஊசி மாட்டிக் காற்றைத் தள்ளிய பிறகு கோட்டைப் பாருங்கள்.

மகனின் அம்மா | ஜூன் 4, மாலை 5.15

மன்னிக்கவும், நான் டாக்டர் இல்லை. தேடும்போது இந்தப் பக்கம் வந்தது. என் மகனுக்கு 8 வயது. இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கும். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். 8 வயதுக்கு 0.3 என்று மேலே பார்த்தேன். அந்த ஆம்பூலை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாமா?

ஓ.பி. நம்பர் 7 | ஜூன் 4, மாலை 6.00

அம்மா, தடிப்பும் உதட்டு வீக்கமும் மட்டும் என்றால் அவர்கள் போட்டது அநேகமாக ஏவில். அதுவே அப்போது போதுமாக இருந்திருக்கலாம். குரல் கம்முவது, இருமல் நிற்காமல் வருவது, இழுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, துவண்டு போவது, இவற்றில் ஒன்று தடிப்போடு சேர்ந்தால் கதை வேறு. அப்போது 108க்கு போன் போட்டுவிட்டு அவனைப் படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள்.

ஆம்பூலை நீங்களாக வாங்கி வைக்க வேண்டாம். பதற்றத்தில் கண்ணாடியை உடைத்து, ஒரு மி.லி. ஆம்பூலிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத அளவை இழுப்பது பழகியவர்களுக்கே தடுமாற்றம். அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் போய் இறால்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். வீட்டில் வைக்கலாமா என்பதை அவர் முடிவு செய்து, கையில் பிடித்துச் சொல்லித் தரட்டும்.

சின்ன கிளினிக் | ஜூன் 4, மாலை 6.25

இதில் நான் முழுதாக உங்கள் பக்கம் இல்லை டாக்டர். இந்த ஊர் மருந்துக்கடையில் அளவு நிரப்பியே வரும் ஆட்டோ இன்ஜெக்டர் கிடையாது, ஜி.எச். 40 நிமிடம். பழக்கிவிட்டு ஆம்பூல் கொடுப்பது ஒன்றுமில்லாததைவிட மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவைக் குழப்பவில்லை, அவர் முதலில் அலர்ஜி டாக்டரைப் பார்க்கட்டும். அது தனி விவாதம்.

சின்ன கிளினிக் | ஜூன் 5, இரவு 11.10

சரி, அந்தக் குழந்தை. நேரத்தோடு எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டாவது டோஸ் பற்றித்தான் எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது.

மாலை 6.10 வாக்கில் பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் முந்திரி கேக் தின்றிருக்கிறாள். 6.35க்கு உள்ளே வந்தபோது முகமெல்லாம் தடிப்பு, இரண்டு தடவை வாந்தி, குரல் கம்மிப்போய் இருமல், மார்பில் இரண்டு பக்கமும் விசில், ஆக்சிமீட்டரில் 90. நாடி 160, விரல் நுனியை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப நாலு செகண்ட்.

6.37க்கு வலது தொடையின் வெளிப்பக்க நடுவில் 0.15. பேன்ட்டைக் கழற்ற நிற்கவில்லை, சிஸ்டர் துணியை ஒதுக்கிப் பிடித்தார். இன்னொருவர் 108க்கு அழைத்தார். மாஸ்க்கில் ஆக்சிஜன். அம்மா மடியில் காலை நீட்டிச் சாய்த்து உட்கார வைத்தோம். மூச்சுத் திணறலுக்குப் படுக்க வைத்தால் எழுந்து எழுந்து வந்தாள்.

சிஸ்டர் மணியை ஒரு பிளாஸ்டரில் எழுதிக் குழந்தையின் தொடையிலேயே ஒட்டினார். அது நல்ல வேலை, ஏனென்றால் எனக்கு ஒரு யுகம் போனது போல இருந்தது, பார்த்தால் மூன்று நிமிடம்.

6.42க்கு ஆக்சிமீட்டர் 93, விசில் அப்படியே, குரல் அப்படியே. இடது தொடையில் இன்னொரு 0.15. வெயின் கிடைத்ததும் நார்மல் சலைன் 140 மி.லி., அதாவது கிலோவுக்கு 10. அதற்குப் பிறகுதான் சால்புடமால் நெபுலைசர். 6.48க்கு விசில் மெலிந்தது, கத்தி அழுதாள், குரல் திரும்பியிருந்தது. தடிப்பு மட்டும் அப்படியே சிவப்பாக.

என் கேள்வி: 93க்கு ஏறியிருந்ததே, முன்னேற்றம்தானே. இரண்டாவது டோஸுக்கு இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாமா?

ஓ.பி. நம்பர் 7 | ஜூன் 6, காலை 7.30

வேண்டாம், அதுவே சரி. ஆக்சிஜன் மாஸ்க் வைத்த குழந்தைக்கு 93 என்பது முன்னேற்றம் இல்லை, அது ஆக்சிஜன் கொடுத்த எண். விசிலும் குரலும் மாறவில்லை. ஊசி போட்ட நிமிடத்திலிருந்து ஐந்து, அப்போது தொண்டை, மூச்சு, இரத்த ஓட்டம் மூன்றில் ஒன்று இன்னும் கெட்டிருந்தால் அடுத்தது.

மறுபுறம், தடிப்பு மட்டும் மிச்சம் இருந்தால் மூன்றாவது தேவையில்லை. 6.48க்கு நீங்கள் நிறுத்தியது அதனால்தான் சரி. தடிப்பு மணிக்கணக்கில் கிடக்கும்.

இரண்டுக்கும் அடங்கவில்லை என்றால் அடுத்த கட்டம் அட்ரினலின் டிரிப், அதை கிளினிக்கில் தொடங்காதீர்கள். வண்டி வரும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தசையில் போட்டுக்கொண்டே இருங்கள், சலைனைத் தொடருங்கள். பதற்றத்தில் யாராவது அதே ஆம்பூலை வெயினில் தள்ளிவிடுவதுதான் நான் பார்த்த ஆபத்துகளில் மோசமானது. வெயின் லைன் போட்டதும் அந்தக் கை தானாக அங்கே போகும்.

பழைய கை | ஜூன் 6, காலை 9.00

நெபுலைசரை ஏன் கடைசிக்குத் தள்ளினீர்கள்? இழுப்புதானே பெரிசாக இருந்தது.

சின்ன கிளினிக் | ஜூன் 6, மதியம் 1.15

மாஸ்க்கை மாட்டி மருந்து புகைய ஆரம்பித்ததும் அறையில் எல்லாருக்கும் வைத்தியம் நடக்கிற நிம்மதி வந்துவிடும் சார், அட்ரினலின் பின்னால் போய்விடும். சால்புடமால் தொண்டை வீக்கத்துக்கு ஒன்றும் செய்யாது.

இன்னொன்று மறந்தேன். 7.05க்கு வண்டி வந்ததும் அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தார். சிஸ்டர் விடவில்லை, ஸ்ட்ரெச்சரிலேயே கொண்டுபோனார். திடீரென்று நிமிர்த்தியதும் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் நின்று இறந்தவர்களைப் பற்றி பம்ஃப்ரீ 2003இல் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு அது கொடுமையாகத் தெரிந்தது, கோபப்பட்டார்.

இரவு ஷிப்ட் | ஜூன் 6, இரவு 8.20

எங்கள் வார்டில் இப்போது நன்றாகத் தேறிய பிள்ளையை 2 மணி நேரத்தில் வீட்டுக்கு விடுகிறோம். முன்பு போல இரவு முழுக்க வைப்பதில்லை. அந்தப் பிள்ளையை 40 நிமிடம் வண்டியில் ஏற்றத்தான் வேண்டுமா? 6.48க்கே கத்தி அழுதாள் என்கிறீர்கள்.

ஓ.பி. நம்பர் 7 | ஜூன் 6, இரவு 9.05

அந்த 2 மணி நேரத்துக்குப் பின்னால் நிபந்தனைகள் இருக்கின்றன சிஸ்டர். தொடங்கி 30 நிமிடத்துக்குள் போட்ட ஒரே டோஸில் 5 முதல் 10 நிமிடத்தில் நன்றாகத் தேறியிருக்க வேண்டும், அறிகுறி எல்லாம் அடங்கியிருக்க வேண்டும், கையில் பயன்படுத்தாத ஆட்டோ இன்ஜெக்டர் இருக்க வேண்டும், அதைப் போடப் பழகியிருக்க வேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உங்கள் ஊரில் பிள்ளை அதோடுதான் வீட்டுக்குப் போகிறது. இங்கே அந்த ஒன்று இல்லாததாலேயே 2 மணி நேரம் அடிபட்டுப் போகிறது.

இந்தக் குழந்தைக்கு இரண்டு டோஸ், ஆகவே குறைந்தது 6 மணி நேரம். இரண்டுக்கு மேல் போயிருந்தாலோ, கடுமையான ஆஸ்துமா இருந்தாலோ 12. இரவு நேரம், திரும்ப வர வழியில்லாத ஊர் என்றாலும் 12தான். இவளுக்குக் கடைசி இரண்டும் பொருந்தும். எல்லாம் சரியான பிறகு திரும்பி வருவது 20 பேரில் ஒருவருக்கு ஏறக்குறைய என்று சொல்கிறார்கள். கிராமத்தில் அது நள்ளிரவு 2 மணிக்கு வந்தால் யாரிடம் போவார்கள்?

இரவு ஷிப்ட் | ஜூன் 6, இரவு 9.30

ஆட்டோ இன்ஜெக்டர் இல்லாமல் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போவதை நான் யோசிக்கவே இல்லை. சரி.

சின்ன கிளினிக் | ஜூன் 7, காலை 10.20

ஜி.எச்.சில் மறுநாள் காலைவரை வைத்திருந்தார்கள். ஒன்றும் திரும்பவில்லை. ஆனால் என் சிக்கல் ஜி.எச்.க்குப் போக மறுப்பவர்கள். ஒரு டோஸில் சரியான பையனின் அப்பா, "அதான் ஓடி விளையாடுறானே" என்று சாவியைக் கையில் எடுத்துவிட்டார். 6 மணி நேரம் என்றால் எனக்கு இங்கே கட்டில் இரண்டு, இரவு 9க்கு மேல் சிஸ்டர் கிடையாது. அவர்களை வெராண்டா பெஞ்சில் உட்கார வைத்து அரை மணிக்கு ஒரு தடவை ஆக்சிமீட்டர் வைத்தோம். 4 மணி நேரத்தில் போய்விட்டார்கள், திரும்ப வந்தால் என்ன செய்வது என்று தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். இதற்கு என்ன வழி என்று இன்னும் தெரியவில்லை.

பழைய கை | ஜூன் 7, காலை 11.00

வீடு டவுனுக்குள் என்றால் நானும் விட்டிருப்பேன்.

ஓ.பி. நம்பர் 7 | ஜூன் 7, மதியம் 12.10

நான் விட்டிருக்க மாட்டேன், ஆனால் என்னிடம் வார்டு இருக்கிறது. சொல்வது சுலபம்.

சின்ன கிளினிக் | ஜூன் 9, இரவு 8.45

சுவர் நிலவரம். முகாம் நாளில் வரும் கிராம சுகாதார செவிலியர் அரசுத் தாளைக் கழற்றக் கூடாது என்றார், அது அவர் கையெழுத்துப் போடும் பெட்டியோடு சேர்ந்தது. ஆகவே அது அவர் பெட்டி மூடியின் உள்பக்கம் போய்விட்டது. அறைச் சுவரில் ஒரே தாள், மூன்றே வரி: 6 வயதுவரை 0.15, 6 முதல் 12 வரை 0.3, 12க்கு மேல் 0.5. 6 மாதத்துக்குள் 0.1 என்று அடியில் சிறிதாக. 12 தாண்டியும் ஒல்லியாக, பருவமடையாமல் இருந்தால் 0.3.

பெட்டியில் ஐந்து ஆம்பூல் இருந்தது. ஒன்று லேசாகப் பழுப்பு, தூக்கிப் போட்டேன். காலாவதி தேதிக்கு இன்னும் நாள் இருந்தது, பெட்டி ஜன்னல் பக்கம் வெயில் படும் அலமாரியில் இருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். இப்போது மருந்து பீரோவுக்குள், அட்டையோடு.

இரவு ஷிப்ட் | ஜூன் 9, இரவு 10.05

மாதம் ஒரு தடவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள் தம்பி. பீரோவுக்குப் பூட்டு மட்டும் போடாதீர்கள், சாவி வைத்திருப்பவர் அன்றைக்குத்தான் லீவில் இருப்பார்.